ஒரே கடை, இரண்டு பேச்சு: ஹெட் ஆபீஸ் கணக்கும் கிளைக் கணக்கும் முட்டிக்கொண்டால்

வேலூரில் பெரிய கடை, ஹெட் ஆபீஸும் அங்கேதான். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டையில் கிளைகள். இப்படி ஒரு துணிக்கடையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு, ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண், கூகுள் மேப்பில் ஒரு பதிவு. ஐந்து நாலு இருபது. இருபது வாயில் ஒன்று மாற்றிப் பேசினாலும், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் வாடிக்கையாளர் "உங்க கடையிலதானே போட்டீங்க?" என்றுதான் கேட்பார். எந்தக் கிளை போட்டது என்பது அவர் கவலை இல்லை.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறோம். முதல் அறிகுறிதான் அதிகம் வருவது, பணமும் அதில்தான் போகிறது. அதனால் அதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறோம்.

அறிகுறி 1: கிளைப் பக்கத்தில் ஒரு தேதி, ஹெட் ஆபீஸ் பக்கத்தில் வேறு தேதி

ஆடித் தள்ளுபடி வேலை நடக்கிறது. ஜூலை 15 இரவு 9 மணிக்கு ஹெட் ஆபீஸ், கிளை மேனேஜர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுகிறது: "பருத்திப் புடவைகளுக்கு 20% தள்ளுபடி, ஆடி முழுவதும்". கருத்துக் கேட்கத்தான் போட்டார்கள். 9:20-க்கு அதே குழுவில் முதலாளியிடமிருந்து ஒரு வரி வருகிறது: "ஆடி 18 வரைக்கும் போதும்." ஆனால் 9:10-க்கே குடியாத்தம் மேனேஜர் அந்தப் படத்தைக் கிளையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, ஃபேஸ்புக்கில் ஏற்றி, 240 பேர் உள்ள பிராட்காஸ்ட் லிஸ்டுக்கும் அனுப்பிவிட்டார். அவர் சோம்பேறி இல்லை, சுறுசுறுப்பானவர். அதுதான் சிக்கல்.

மறுநாள் காலை 10 மணிக்கு ஹெட் ஆபீஸ் சரியான படத்தைப் போடுகிறது. 11:30-க்கு அதன் கீழே ஒரு கமெண்ட்: "குடியாத்தத்துல ஆடி முழுக்கன்னு போட்டிருக்காங்க, இங்க ஆகஸ்ட் 3னு இருக்கு. எது சரி?"

*உடனே செய்ய வேண்டியது*

முதலில் யாரும் புதிதாக எதுவும் போடக்கூடாது. பதற்றத்தில் காட்பாடி ஒரு விளக்கம், ஆம்பூர் ஒரு விளக்கம் என்று போட்டால் மூன்றாவது, நான்காவது பேச்சு கிளம்பிவிடும். எது சரி என்று ஹெட் ஆபீஸில் ஒரே ஒருவர் சொல்ல வேண்டும். அதுவரை கமெண்டுக்குப் பதில் "சரிபார்த்து இன்று மதியத்துக்குள் இங்கேயே சொல்கிறோம்" என்பது மட்டும்.

அழிப்பதற்கு முன் தவறான பதிவு ஒவ்வொன்றையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒருவர் படத்தோடு வந்து நிற்கும்போது அது நம் படமா, யாரோ வெட்டி ஒட்டியதா என்று பார்க்க இதுதான் ஆதாரம்.

அடுத்தது ஸ்டேட்டஸ். அது 24 மணி நேரம் நிற்கும். நம் உதாரணத்தில் அன்று இரவு 9:10 வரை பரவிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் நீக்க வேண்டியது அதைத்தான். ஃபேஸ்புக் பதிவில் ஏற்கெனவே கேள்விகள் விழுந்திருந்தால் அழிக்க வேண்டாம்; எழுத்தைத் திருத்தி, மேலே முதல் வார்த்தையாகவே "திருத்தம்" என்று போடுங்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு எழுத்தை மாற்றலாம், படத்தை மாற்ற முடியாது. படத்திலேயே தேதி தப்பு என்றால் எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி.

பிராட்காஸ்ட்தான் கஷ்டமான பகுதி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், அது எப்போதோ போய்விட்டது. இங்கே பலர் செய்யும் தவறு: ஹெட் ஆபீஸ் எண்ணிலிருந்து திருத்தம் அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைப்பது. பிராட்காஸ்ட் செய்தி, அனுப்பும் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். குடியாத்தம் கிளையின் 240 பேரில் வேலூர் எண்ணைச் சேமித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? தவறு எந்த எண்ணிலிருந்து, எந்த லிஸ்டுக்குப் போனதோ, திருத்தமும் அதே எண்ணிலிருந்து அதே லிஸ்டுக்குப் போக வேண்டும். இப்படி:

> திருத்தம்: நேற்று இரவு நாங்கள் அனுப்பிய படத்தில் "ஆடி முழுவதும்" என்று தவறாக இருந்தது. பருத்திப் புடவைகளுக்கு 20% தள்ளுபடி ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 3 இரவு 9 மணி வரை. பட்டு, பள்ளிச் சீருடைக்குப் பொருந்தாது. – குடியாத்தம் கிளை

எது தவறு, எது சரி என்று இரண்டும் இதில் இருக்கிறது. சரியானதை மட்டும் அனுப்பினால், பார்ப்பவர் அது இன்னொரு தள்ளுபடி என்று நினைத்துக்கொள்வார்.

*படத்தோடு வருபவருக்குத் தருவதா?*

தரலாம் என்பதே எங்கள் கருத்து. பழைய படத்தைக் காட்டுபவருக்கு, அது சொன்னபடி ஆடி கடைசி வரை 20% கொடுத்துவிடுங்கள். பில் கவுண்டரில் நிற்கவைத்து வாதாடுவதைவிட அது மலிவு. ஆனால் வழியை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும். பில்லிங் மென்பொருளில் தள்ளுபடி ஆகஸ்ட் 3 இரவோடு மூடிக்கொள்ளும். பில் போடுபவர் நினைத்தாலும் தர முடியாது. கிளை மேனேஜர் கைமுறையாகத் தள்ளுபடி போட அனுமதி கொடுத்து, காரணம் என்ற இடத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அந்த வார்த்தையை வைத்துத் தேடினால் இந்த ஒரு தவறுக்கு எவ்வளவு போனது என்று ரூபாய்க் கணக்கில் தெரியும். அந்தத் தொகையை அடுத்த கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த அறிவுரையும் அவ்வளவு வேலை செய்யாது.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2022-ல் தவறான விளம்பரங்கள் குறித்து வந்த வழிகாட்டு நெறிகள், சலுகை சில இடங்களுக்கு மட்டும் என்றால் அதை மறைக்கக் கூடாது என்கின்றன. இருப்பு குறைவு என்றாலும் சொல்லிவிட வேண்டும். "எல்லாக் கிளைகளிலும்" என்று போட்டுவிட்டு ஆம்பூரில் இல்லை என்பது வெறும் குழப்பம் மட்டும் அல்ல.

*ஏன் நடந்தது, எப்படி அடைப்பது*

மூன்று ஓட்டைகள் இருந்தன. வரைவும் முடிவும் ஒரே குழுவில் வந்தன. திருத்தம் படமாக வராமல் ஒரு வரி அரட்டையாக வந்தது. "ஆடி" என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி ஓட்டையை முதலில் அடைப்போம், அதுதான் சுலபம். ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 3-ல் விழும்; ஆடி முடிவது ஆகஸ்ட் 16-ஐ ஒட்டி. நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம். ஆகவே அலங்காரத்துக்கு ஆடி என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், தொடக்கமும் முடிவும் மட்டும் ஆங்கிலத் தேதியில், மணியோடு, படத்திலேயே இருக்கட்டும். எழுத்தில் போட்டால் போதாதா என்றால், போதாது. படம் தனியாக ஊர் சுற்றும். எழுத்து கூட வராது. இதே காரணத்துக்காக "50% வரை" என்பதில் "வரை"யைப் பொடி எழுத்தில் போடாதீர்கள். நாலு பேர் கை மாறி மங்கிய படத்தில் முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான்.

குழுவுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்று தொடங்குங்கள். முடிவானது மட்டும் அதில் வரும். பேச்சு, யோசனை, வரைவு எல்லாம் பழைய குழுவில். வரைவுப் படத்தின் குறுக்கே "வரைவு" என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டுப் போடுவார்கள்.

முடிவானதோடு ஒரு சீட்டும் வரும். இவ்வளவுதான் அது:

```
எண்: ஆடி-07   திருத்தம்: 2
கிளைகள்: வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை
இல்லாத கிளை: ஆம்பூர் (ஆண்கள் துணி மட்டும்)
சலுகை: பருத்திப் புடவை 20%
விலக்கு: பட்டு, பள்ளிச் சீருடை
தொடக்கம்: ஜூலை 17 காலை 10
முடிவு: ஆகஸ்ட் 3 இரவு 9
கிளை மாற்றலாம்: போன் எண், வழி, இருப்பு, கடை நேரம்
```

"இல்லாத கிளை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். இருக்கும் கிளைகளின் பெயரை மட்டும் எழுதினால், ஆம்பூர் மேனேஜர் "நம்ம பேரை மறந்துட்டாங்க" என்று நினைத்துத் தானே சேர்த்துக்கொள்வார். திருத்த எண்ணும் அப்படித்தான்: படத்தின் மூலையில் "ஆடி-07/2" என்று இருந்தால், எந்தக் கிளையில் எது ஓடுகிறது என்பதைப் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "உங்க படத்துல மூலையில என்ன இருக்கு?" என்று கேட்டால் போதும்.

கடைசி வரிதான் இந்தச் சீட்டின் உயிர். விலை, சதவீதம், தேதி, பொருள் மாற்றும் விதி ஆகியவை ஹெட் ஆபீஸ் சொத்து. கிளை அவற்றைத் தன் சொந்த வார்த்தையில் எழுதவே கூடாது. கடை நேரம், இருப்பு, வழி, போன் எண் கிளையின் சொத்து. ஹெட் ஆபீஸ் அவற்றை எழுதக் கூடாது. ஒரு தகவலுக்கு ஒரே சொந்தக்காரர்.

அப்படியானால் கிளை எப்படிப் போடுவது? ஃபேஸ்புக்கில் படத்தை இறக்கி மறுபடி ஏற்றாமல், ஹெட் ஆபீஸ் பதிவை ஷேர் செய்ய வேண்டும். ஷேர் செய்ததில் ஹெட் ஆபீஸ் மூலப் பதிவைத் திருத்தினால் கிளையிலும் அதுவே தெரியும்; மூலத்தை நீக்கினால் கிளையிலும் போய்விடும். இறக்கி ஏற்றியது அப்படியில்லை. அது தனிப் பிள்ளை, ஐந்து இடத்தில் ஐந்து முறை திருத்த வேண்டும். ஷேர் செய்த பதிவு அதிகம் பேருக்குப் போகவில்லை என்று கிளைகள் புலம்பும். புலம்பலில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கு மாற்று, ஷேரின் மேலே கிளையின் சொந்த வரியை எழுதுவது: "குடியாத்தம் கடையில் இன்று காலை வந்த புதுக் கட்டு, முதல் மாடியில்." அதில் விலை இல்லை, தேதி இல்லை, முட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் இந்த வசதி கிடையாது, அந்த 15 நிமிடம் தாண்டினால் திருத்தவும் முடியாது. ஆகவே வாட்ஸ்அப்புக்கு எப்போதும் கடைசியாகப் போடுங்கள். ஹெட் ஆபீஸ் பதிவு ஏறி ஒரு மணி நேரம் கழித்து. தப்பு இருந்தால் அதற்குள் யாராவது கமெண்டில் சொல்லிவிடுவார்கள்.

அறிகுறி 2: மேப்பில் திறந்திருக்கிறது, கதவில் பூட்டு

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் நிற்கும்போது அங்கே கடை திறப்பது வேலூரில் திறப்பது போல அல்ல. ஹெட் ஆபீஸோ "எல்லாக் கிளைகளும் வழக்கம்போல்" என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும். ரம்ஜான் நெருங்கினால் தலைகீழ்: ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் இரவு நெடுநேரம் வியாபாரம் நடக்கும், மேப்போ 9 மணிக்கே "மூடப்பட்டது" என்று காட்டி வருகிறவரைத் திருப்பி அனுப்பும்.

கடை நேரம் மூன்று இடத்தில் தனித்தனியாக இருக்கிறது: கூகுள் பதிவு, ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் பிசினஸ் சுயவிவரம். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. கூகுளில் வழக்கமான நேரத்தைத் தொடாதீர்கள். `Special hours` பகுதியில் அந்தத் தேதிக்கு மட்டும் போடுங்கள், நாள் கழிந்ததும் தானே பழையபடி ஆகிவிடும். வழக்கமான நேரத்தை மாற்றியவர்கள் பெரும்பாலும் திருப்பி வைக்க மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவு தாண்டி 1 மணி வரை கடை என்றால், அதே நாளின் வரியிலேயே மூடும் நேரம் 1:00 AM என்று கொடுக்க வேண்டும். மறுநாளில் 12 முதல் 1 வரை என்று தனியாகப் போட்டால் மறுநாள் நேரம் குழம்பும்.

வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பொறி உண்டு. கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் பதில், சுயவிவரத்தில் உள்ள நேரத்தைப் பார்த்தே வேலை செய்யும்படி வைத்திருந்தால், ரம்ஜான் இரவு 11 மணிக்குக் கூட்டம் அலைமோதும் கடையிலிருந்து "கடை மூடப்பட்டுள்ளது, நாளை வாருங்கள்" என்று பதில் போகும். விசேஷ நாளுக்கு முந்தைய மாலை, வேறு எண்ணிலிருந்து கிளைக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரத்தைக் கிளை சரியாகப் போட்டும் மறுபடி தவறாகத் தெரிந்தால் இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, ஹெட் ஆபீஸ் எல்லாக் கிளைகளின் விவரத்தையும் ஒரே அட்டவணைத் தாளாகக் கூகுளில் ஏற்றும் பழக்கம். தாள் பழையது என்றால் கிளை போட்டதன் மேல் பழைய நேரம் ஏறும். இன்னொன்று, மேப்பில் யார் வேண்டுமானாலும் `Suggest an edit` வழியாக நேரம் மாற்றச் சொல்லலாம்; சிலதைக் கூகுள் ஏற்றுக்கொண்டும் விடும். வாரம் ஒரு முறை பார்ப்பது போதும்.

அறிகுறி 3: ஒரே கேள்விக்கு இரண்டு பதில்

"வாங்கின சட்டையை மாத்தலாமா?" ராணிப்பேட்டை 15 நாள் என்கிறது, ஹெட் ஆபீஸ் 7 நாள் என்கிறது. இரண்டும் ஒரே பதிவின் கீழ், பத்து நிமிட இடைவெளியில். நல்லெண்ணத்தில் இருவரும் ஓடிவந்து சொன்னதுதான்.

கேள்வி யார் பக்கத்தில் விழுந்ததோ அவர் மட்டும் பதில் சொல்வது என்று வையுங்கள். மற்றவர் தவறைக் கண்டாலும் கீழே எழுதாமல் போனில் கூப்பிட வேண்டும். மாற்றும் விதி போன்ற ஹெட் ஆபீஸ் சொத்துகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தயார் பதில்களை எழுதி, ஐந்து போனிலும் ஒரே சுருக்கெழுத்தில் ஏற்றிவிடுங்கள். `/mattru` என்று அடித்தால் எல்லாக் கிளையிலும் ஒரே வாக்கியம் வரும். 50 வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பத்துக்கு மேல் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். விதி மாறும் நாளில் ஐந்து போனிலும் மாற்ற வேண்டும், அது ஒன்றே இதன் குறை. வேலூரில் சிகிச்சைக்கு வந்து தங்கும் வங்காளிகள், சித்தூர் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் அந்தந்த மொழியில் அதே பதிலை எழுதி வைத்துவிட்டால், கவுண்டரில் மொழி தெரிந்த பையன் தன் மனத்தில் தோன்றியதைச் சொல்வது நின்றுபோகும்.

அறிகுறி 4: யார் கையிலும் இல்லாத பக்கம் பழையதைப் பேசிக்கொண்டிருக்கிறது

வேலையை விட்டுப் போன மேனேஜர் தன் சொந்த மெயிலில் தொடங்கிய கூகுள் மேப் பக்கம். அதில் ஆம்பூர் கடைக்கு 0416 எண் இருக்கும்; கூப்பிட்டால் வேலூரில் மணி அடிக்கும். ஆம்பூருக்கு 04174. முகவரியில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றிருக்கும். 2019-ல் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். இந்த மாதிரி முரண்பாடு கண்ணில் பட்டால், அநேகமாக அது கைவிடப்பட்ட பதிவு.

புதிதாக இன்னொரு பதிவு தொடங்காதீர்கள். ஒரே கடைக்கு மேப்பில் இரண்டு முள் நிற்கும், பழையதில் இருக்கும் மதிப்புரைகளும் கை நழுவும். பழைய பதிவில் `Claim this business` வழியாக உரிமை கேளுங்கள். அதை வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் உண்டு. அதற்கு முன் அந்தப் பழைய மேனேஜரையே போனில் கேட்பது நல்லது. பெரும்பாலும் மறந்துதான் போயிருப்பார்கள், பகையில் வைத்திருப்பவர் குறைவு. உரிமை கிடைத்தாலும் முதல் 7 நாள் மற்ற உரிமையாளரை நீக்க முடியாது. அந்த வாரத்தில் போன் எண், முகவரி, நேரம் மூன்றையும் திருத்தி, எட்டாம் நாளுக்குப் பழையவரை நீக்க நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முதன்மை உரிமையை ஹெட் ஆபீஸின் பொது மெயிலுக்கு மாற்றி, கிளை மேனேஜருக்கு `Manager` உரிமை மட்டும் கொடுங்கள். நேரமும் படமும் மாற்ற அவருக்கு அது போதும். நாளை அவர் வேலையை விட்டால் ஒரு பெயரை நீக்குவதோடு முடிந்துவிடும்.